அத்வா 1896: பசியும் பொறுமையும் முடித்துவைத்த போர்

1896 பிப்ரவரி 28 மாலை. வட எத்தியோப்பியாவில் சவூரியா என்ற மலைப்பகுதியில் இத்தாலியப் படை பாசறை அமைத்திருந்தது. தளபதி ஒரேஸ்தே பராத்தியேரி தன் நான்கு படைப்பிரிவுத் தலைவர்களையும் கூடாரத்துக்கு அழைத்தார். உணவு இன்னும் சில நாள்களுக்குத்தான் வரும், பின்வாங்கிவிடலாமா என்று கேட்டார். நால்வரும் கூடாது என்றார்கள். பின்வாங்கும் அவமானத்தைவிட இரண்டு மூவாயிரம் பேரை இழப்பதையே இத்தாலி விரும்பும் என்றார் அவர்களுள் ஒருவரான தபோர்மிதா.

மலைகளுக்கு அப்பால், அத்வா என்ற சிற்றூரைச் சுற்றி, எத்தியோப்பியப் பேரரசர் இரண்டாம் மெனலிக்கின் படை இறங்கியிருந்தது. அங்கும் தானியம் தீர்ந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டார ஊர்களில் எடுப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஓரிரு நாளில் பாசறையைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்ற முடிவுக்கு மெனலிக்கும் வந்திருந்தார்.

இரண்டு படைகளும் பட்டினியின் விளிம்பில் நின்று, யார் முதலில் அசைவது என்று காத்திருந்தன. இத்தாலி முதலில் அசைந்தது. மார்ச் 1 பகல் முடிவதற்குள், அந்த நூற்றாண்டில் ஆப்பிரிக்காவில் ஐரோப்பியப் படை ஒன்று அதுவரை கண்டிராத தோல்வியைக் கண்டது. ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்குபோட்டுக்கொண்ட அந்தக் காலத்தில் எத்தியோப்பியா தன்னாட்சியோடு எஞ்சியது. இதைப் பெரும்பாலும் வீரத்தின் கதையாகவே சொல்கிறார்கள். வீரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அதே ஆண்டுகளில் வீரத்தில் சற்றும் குறையாத எத்தனையோ ஆப்பிரிக்க அரசுகள் வீழ்ந்தன. எத்தியோப்பியா எதில் வேறுபட்டது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தப் போரின் தானிய மூட்டைகளைப் பின்தொடர்ந்து போவதுதான் சரியான வழி என்று நினைக்கிறேன்.

கதை ஒரு பஞ்சத்தில் தொடங்குகிறது. இத்தாலி 1885-ல் செங்கடல் துறைமுகமான மசாவாவைப் பிடித்தது. அங்கிருந்து மேட்டுநிலத்தை நோக்கி ஏறப் பார்த்தபோது, 1887 ஜனவரியில் தொகாலி என்ற இடத்தில் ராஸ் அலுலா என்ற தளபதி ஏறத்தாழ 500 பேர் கொண்ட இத்தாலிய அணி ஒன்றை அழித்தார். ‘ராஸ்’ என்பது அங்கே பெரும் பிரபுக்களுக்கும் படைத்தலைவர்களுக்கும் உரிய பட்டம். அதே ஆண்டில் துப்பாக்கியைவிடக் கொடிய ஒன்று மசாவா வழியாக உள்ளே போனது. இத்தாலியப் படைக்காக இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளோடு வெக்கை நோயும் இறங்கியது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அந்த நோயை அதற்கு முன் கண்டிராத எத்தியோப்பிய மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பத்தில் ஒன்பது மடிந்தன என்பது வரலாற்றாசிரியர்கள் தரும் கணக்கு. உழவு மாடில்லாமல் நிலம் தரிசாகக் கிடந்தது. வறட்சியும் வெட்டுக்கிளியும் சேர்ந்துகொண்டன. 1888 முதல் 1892 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தை எத்தியோப்பியர்கள் ‘தீய நாள்கள்’ என்று அழைக்கிறார்கள். அப்போது மெனலிக்கே மண்வெட்டியை எடுத்து நிலத்தைக் கொத்திக் குடிகளுக்கு வழிகாட்டினார் என்று சொல்வார்கள்.

இந்தப் பஞ்சத்தின் நடுவே, 1889 மார்ச்சில், பேரரசர் நான்காம் யோகன்னஸ் சூடானை அப்போது ஆண்ட மஹ்தியர்களோடு எல்லையில் நடந்த போரில் இறந்தார். தெற்கே ஷோவா நாட்டின் மன்னராக இருந்த மெனலிக் பேரரசர் பட்டத்துக்கு உரிமை கொண்டாடினார். வடக்கே திக்ராய் நாட்டில், இறந்த பேரரசரின் மகன் மங்கேஷா அதை ஏற்கவில்லை. உள்ளே போட்டி, வெளியே இத்தாலி, நாடெங்கும் பசி. இந்த நிலையில்தான் 1889 மே 2 அன்று வுச்சாலே என்ற ஊரில் மெனலிக் இத்தாலியோடு உடன்படிக்கை செய்தார். வடக்கே மேட்டுநிலத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தார். அதற்கு ஈடாக அங்கீகாரமும், பின்னர் 40 லட்சம் லிரா கடனும், ஆயுதங்களும் கிடைத்தன.

அந்த உடன்படிக்கை இத்தாலிய மொழியிலும் அம்ஹாரிக் மொழியிலும் எழுதப்பட்டது. அதன் 17-வது பிரிவில்தான் சூழ்ச்சி இருந்தது. பிற நாடுகளோடு பேச வேண்டியவற்றுக்கு எத்தியோப்பிய மன்னர் இத்தாலிய அரசின் உதவியைப் பெற்றுக்கொள்ளலாம் என்றது அம்ஹாரிக் வாசகம். பெற்றுக்கொள்ள இசைகிறார் என்றது இத்தாலிய வாசகம். நம் மொழியில் சொன்னால், ‘லாம்’ என்ற ஒரு விகுதிதான் வேறுபாடு. அது இருந்தால் எத்தியோப்பியா தனிநாடு. இல்லையென்றால் இத்தாலியின் பாதுகாப்பில் வாழும் நாடு. அக்டோபரில் இத்தாலி தன் வாசகத்தை மற்ற ஐரோப்பிய அரசுகளுக்கு அறிவித்தது. ஆப்பிரிக்காவைப் பற்றி ஐரோப்பிய அரசுகள் கூடிப் பேசிய பெர்லின் மாநாட்டின் அறிவிப்பு விதியைக் காட்டியே இத்தாலி இப்படிச் செய்தது. தன் முடிசூட்டைப் பற்றி மெனலிக் மற்ற அரசர்களுக்கு நேரடியாகக் கடிதம் எழுதினார். விக்டோரியா அரசியிடமிருந்து வந்த பதில், இனி இத்தாலி வழியாகவே எழுதுமாறு சொன்னது. அப்போதுதான் என்ன நடந்திருக்கிறது என்பது அவருக்கு விளங்கியது.

அவர் உடனே போருக்குப் போகவில்லை. பஞ்சத்தில் மெலிந்த நாட்டை வைத்துக்கொண்டு போர் தொடுப்பது தற்கொலை என்று அவருக்குத் தெரியும். மறுப்புக் கடிதங்கள் எழுதினார், பேச்சை நீட்டினார், ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் நேரம் வாங்கினார். 1893-ல்தான் உடன்படிக்கை செல்லாது என்று அறிவித்தார். இத்தாலியிடம் வாங்கிய கடனையும் திருப்பிக் கட்டினார். மெனலிக்கின் திறமையை நான் முதலில் காண்பது இந்தப் பொறுமையில்தான்.

கிடைத்த காலத்தில் அவர் துப்பாக்கி வாங்கினார். 1887-ல் ஹரார் நகரைக் கைப்பற்றியிருந்ததால், ஜிபூட்டி கடற்கரையில் இருந்த பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கு வணிகப் பாதை அவர் கையில் இருந்தது. பிரெஞ்சு வணிகர்கள் விற்றார்கள், ரஷ்யாவும் உதவியது, தொடக்கத்தில் இத்தாலியே கொடுத்தது. பிரெஞ்சுக் கவிஞர் ரைம்போகூட 1887-ல் ஒட்டக வரிசையில் பழைய துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு போய் மெனலிக்கிடம் விற்றவர்தான். 1895 வாக்கில் எத்தியோப்பியர்களிடம் 80,000-க்குக் குறையாத நவீனத் துப்பாக்கிகள் இருந்தன என்று மதிப்பிடுகிறார்கள்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நகரக் கூடாது. தெற்கிலும் மேற்கிலும் மெனலிக் நடத்திய படையெடுப்புகளிலிருந்து வந்தது. ஒரோமோ மக்களின் நிலங்கள், 1894-ல் வொலாய்த்தா நாடு என்று ஒன்றன்பின் ஒன்றாக அடக்கப்பட்டன. வொலாய்த்தா படையெடுப்பு மிகக் கொடூரமானது. அங்கிருந்து பெரும் மாட்டு மந்தைகள் வடக்கே ஓட்டிச் செல்லப்பட்டன. யானைத் தந்தம், காப்பி, தங்கம், அடிமைகள் ஆகியவையே துப்பாக்கியாக மாறின. ஐரோப்பாவிடமிருந்து தன்னைக் காத்துக்கொண்ட பேரரசு, அதே ஆண்டுகளில் அண்டை மக்களின் தன்னாட்சியைப் பறித்த பேரரசாகவும் இருந்தது. வொலாய்த்தாவிலோ ஒரோமோ நாட்டிலோ அத்வாவைப் பற்றிப் பேசும்போது இந்த நினைவும் கூடவே எழுகிறது. அது நியாயமானது.

துப்பாக்கியைவிடக் கடினமானது பிரபுக்களை ஒன்றுசேர்ப்பது. இதில் இத்தாலியே மெனலிக்குக்கு உதவியது. முதலில் திக்ராயின் மங்கேஷாவை அவருக்கு எதிராக வளர்த்துவிட்டு, பிறகு மெனலிக்கோடு பேசுவதற்காக அவரைக் கைவிட்டது. ஏமாந்த மங்கேஷா 1894 ஜூனில் அடிஸ் அபாபாவுக்கு வந்து, பணிவின் அடையாளமாகக் கழுத்தில் கல் சுமந்து பேரரசர் முன் மண்டியிட்டார். தொகாலி புகழ் அலுலாவும் உடன் வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில், இத்தாலியரின் நிலப்பறிப்பால் கொதித்துப்போன, வடக்கே இத்தாலியின் குடியேற்ற நாடாகிவிட்ட எரித்திரியாவின் பஹ்தா ஹகோஸ் கிளர்ச்சி செய்து உயிர்விட்டார். பராத்தியேரி அந்த வெற்றியின் வேகத்தில் திக்ராய்க்குள் நுழைந்து மெக்கெல்லே வரை கோட்டை கட்டிக்கொண்டார்.

1895 செப்டம்பரில் மெனலிக்கின் போர் முரசு ஒலித்தது. கடல் கடந்து வந்த பகைவன் நாட்டையும் சமயத்தையும் அழிக்கப் பார்க்கிறான், வலுவுள்ளவர்கள் வலுவோடு வாருங்கள், வலுவற்றவர்கள் வழிபாட்டால் துணைசெய்யுங்கள் என்பது அந்த அறிவிப்பின் சாரம். கோஜாம், வொல்லோ, ஹரார், ஷோவா, பேகெம்தெர் என ஒவ்வொரு நாட்டுப் பிரபுவும் தன் படையோடு வந்தார். பேரரசி தாய்த்துவும் சில ஆயிரம் பேர் கொண்ட தன் சொந்தப் படையோடு புறப்பட்டார். மொத்தம் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர்.

ஒரு லட்சம் பேருக்கு யார் சோறு போடுவது? இத்தாலியத் தளபதிகள் இதைத்தான் நம்பியிருந்தார்கள். பழைய முறையில் எத்தியோப்பியப் படைவீரன் போகும் ஊரில் குடியானவன் வீட்டில் புகுந்து உண்பான். அப்படி உண்ணும் பெரும்படை ஒரே இடத்தில் நீண்ட நாள் நிற்க முடியாது, வெட்டுக்கிளிபோல நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும் அல்லது கலைய வேண்டும். மெனலிக் இதை ஓரளவு மாற்றியிருந்தார். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை அரசுக் களஞ்சியத்தில் கட்டும் வரியை 1892-ல் கொண்டுவந்து, அதிலிருந்து படைக்கு அளக்கச் செய்தார். வடக்கே போகும் பாதையில் முன்கூட்டியே தானியம் சேர்த்துவைக்கப்பட்டது. வீரர்களும் வீட்டிலிருந்து வறுத்த வாற்கோதுமை மாவையும் உலர்த்திய இறைச்சியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். அந்த மாவைத் தண்ணீரில் பிசைந்தால் போதும், அடுப்பு வேண்டாம். படையோடு ஆயிரக்கணக்கான பெண்கள் மாவரைத்து, சமைத்து, தண்ணீர் சுமந்து நடந்தார்கள். சுமைக்குக் கோவேறு கழுதைகள். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் மலைப்பாதையை இந்த ஏற்பாடு தாங்கியது. இது முழுமையான ஏற்பாடு அல்ல. ஆனால் எதிரி போட்ட கணக்கைத் தாண்டிச் சில மாதங்கள் நீடித்தது. அந்தச் சில மாதங்களே போதுமானதாக இருந்தன.

டிசம்பர் 7 அன்று அம்பா அலகி மலையில் ராஸ் மக்கோன்னனின் தலைமையில் வந்த முன்படை, மேஜர் தோசெல்லியின் ஏறத்தாழ 2,000 பேர் கொண்ட அணியை நசுக்கியது. அடுத்து ஜனவரியில் மெக்கெல்லே கோட்டை. மேஜர் கலியானோவின் கீழ் சுமார் 1,200 பேர் உள்ளே இருந்தார்கள். நேரடித் தாக்குதலில் எத்தியோப்பியர்கள் நிறைய உயிர்களை இழந்தார்கள். அப்போது, கோட்டைக்குத் தண்ணீர் தரும் ஊற்று சுவருக்கு வெளியே இருப்பதைச் சுட்டிக்காட்டி, அதைப் பிடித்துக்கொண்டால் போதும் என்ற திட்டத்தைத் தாய்த்து முன்வைத்தார். அவருடைய ஆட்களே இரவில் போய் ஊற்றைக் கைப்பற்றிக் காவல் இருந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் கோட்டை நாவறண்டு பணிந்தது.

அந்தக் கோட்டைப் படையை மெனலிக் கொல்லவில்லை. ஆயுதத்தோடு வெளியேறவிட்டார், சுமைக்குக் கழுதைகளும் கிடைக்கச் செய்தார். இது பெருந்தன்மை என்றே பலரும் எழுதுகிறார்கள். அதற்குள் ஒரு நுட்பம் இருந்தது. விடுதலையான இத்தாலியர்களை மக்கோன்னனின் காவலோடு மெல்ல நடத்திக்கொண்டு, அந்த மறைவில் தன் முழுப் படையையும் அதிக்ராத்தில் காத்திருந்த பராத்தியேரியின் பக்கவாட்டாக வடமேற்கே அத்வாவுக்கு நகர்த்திவிட்டார். தாக்கினால் சொந்த ஆட்களே முதலில் சாவார்கள் என்பதால் பராத்தியேரி கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. அத்வாவிலிருந்து எரித்திரியாவுக்குள் போகும் வழி திறந்து கிடந்தது. எனவே இத்தாலியப் படை தன் கோட்டைகளை விட்டு அவரைத் தேடி வர வேண்டியதாயிற்று.

பிப்ரவரி முழுவதும் இரு படைகளும் எதிரெதிரே இருந்தன. அரணமைத்த இத்தாலிய நிலைகள் மீது மோதுவதில்லை என்று மெனலிக் உறுதியாக இருந்தார். மெக்கெல்லே கற்றுத்தந்த பாடம் அது. இத்தாலியரோடு இருந்த திக்ராய்ப் பிரபுக்கள் செபாத்தும் அகோஸ் தஃபாரியும் பிப்ரவரி நடுவில் கட்சிமாறி, மசாவாவிலிருந்து வரும் உணவு வண்டிகளின் பாதையை வெட்டத் தொடங்கினார்கள். ரோமிலிருந்து பிரதமர் கிரிஸ்பியின் தந்தி வந்தது. இது போர் அல்ல, படைக்கு வந்த காசநோய் என்று அதில் எழுதியிருந்தார். பராத்தியேரியை மாற்றி பல்திசேரா என்ற தளபதியை அனுப்பவும் ரகசியமாக முடிவு செய்திருந்தார். எத்தியோப்பியப் பாசறையிலிருந்து வந்த ஒற்றர்கள், படை கலைகிறது, பலர் உணவு தேடியும் வழிபாட்டுக்கும் போயிருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவர்களுள் அவாலோம் என்ற திக்ராய்க்காரர் மெனலிக்குக்காகவே வேலை செய்தவர் என்பதை எத்தியோப்பியர்கள் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள்.

பிப்ரவரி 29 இரவு 9 மணிக்கு இத்தாலியப் படை புறப்பட்டது. சுமார் 17,700 பேர், 56 பீரங்கிகள். அவர்களுள் 7,000 பேர் அளவில் ‘அஸ்காரி’ எனப்பட்ட எரித்திரிய வீரர்கள். அத்வாவுக்குக் கிழக்கே உள்ள குன்றுகளை விடியுமுன் பிடித்து வரிசையாக நிற்பதும், மெனலிக் வந்து மோதினால் அடிப்பதும், மோதாவிட்டால் மானத்தோடு திரும்புவதும் திட்டம். மூன்று அணிகள் தனித்தனிப் பாதையில் போக, நான்காவது பின்னால் வந்தது. அவர்களிடம் இருந்தது கையால் வரைந்த தோராயமான வரைபடம்தான்.

இடப்பக்க அணியின் அல்பெர்த்தோனே பிடிக்க வேண்டிய குன்றின் மேல் அந்த வரைபடம் ‘கிதானே மெஹ்ரெத்’ என்று பெயரிட்டிருந்தது. அவர் இருட்டில் அங்கே வந்து நின்றபோது, பக்கத்தில் மற்ற அணியைக் காணவில்லை. வழிகாட்டியோ, உண்மையான கிதானே மெஹ்ரெத் இன்னும் மேற்கே இருக்கிறது என்றார். உள்ளூர்க்காரர் சொன்னது சரி, வரைபடம்தான் தவறு. அல்பெர்த்தோனே பல கிலோமீட்டர் முன்னேறினார். விடிந்தபோது அவருடைய அணி மட்டும் தனியாக எத்தியோப்பியப் பாசறையின் வாசலில் நின்றது.

அன்று ஞாயிற்றுக்கிழமை, புனித ஜார்ஜ் நாளும்கூட. மெனலிக்கும் தாய்த்துவும் பிரபுக்களும் அதிகாலை வழிபாட்டில் இருந்தார்கள். சுமார் 6 மணிக்குச் சண்டை தொடங்கியது. அல்பெர்த்தோனேயின் பீரங்கிகள் முதலில் கடும் சேதம் விளைவித்தன, அம்பா அலகியில் முன்நின்று போரிட்ட எத்தியோப்பியத் தளபதி கெபெயெஹு அங்கே மாண்டார். எத்தியோப்பிய முன்னணி தளரும்போலத் தெரிந்தபோது, காப்புப் படையாக வைத்திருந்த ஏறத்தாழ 25,000 பேரை இறக்கத் தாய்த்துவும் மங்கேஷாவும் மெனலிக்கை வற்புறுத்தினார்கள். அவர்கள் இறங்கியதும் கணக்கு மாறிவிட்டது. முற்பகலிலேயே இடப்பக்க அணி சிதைந்து அல்பெர்த்தோனே சிறைப்பட்டார். தப்பி ஓடிய அஸ்காரிகளும் அவர்களைத் துரத்தி வந்த எத்தியோப்பியர்களும் ஒன்றாகக் கலந்து வந்ததால், நடு அணியின் அரிமொந்தியால் சுடவும் முடியவில்லை. அவரும் வீழ்ந்தார். இடப்பக்கத்துக்கு உதவப் போன தபோர்மிதா பாதை தவறி வடக்கே வேறொரு பள்ளத்தாக்குக்குள் போய்விட்டார். மற்ற அணிகள் அழிந்தது தெரியாமலே பிற்பகல்வரை போரிட்டு, பின்வாங்கும்போது ராஸ் மிக்காயேலின் ஒரோமோ குதிரைப்படையிடம் சிக்கினார். அவரும் திரும்பவில்லை.

இத்தாலியப் பக்கத்தில் சுமார் 6,000 பேர் மாண்டார்கள், 3,000 பேர் அளவில் சிறைப்பட்டார்கள். பீரங்கிகள் எல்லாம் போயின. எத்தியோப்பியர்களும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். சிறைப்பட்ட இத்தாலியர்கள் பொதுவாக நல்லபடியாகவே நடத்தப்பட்டு அடிஸ் அபாபாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். சிறைப்பட்ட எரித்திரிய அஸ்காரிகளுள் சுமார் 800 பேருக்கோ, துரோகிகள் என்று வலக்கையும் இடக்காலும் வெட்டப்பட்டன. சொந்த மண்ணின் ஏழைகளுக்கு ஒரு நீதி, கடல் கடந்து வந்தவர்களுக்கு வேறொரு நீதி. இந்தப் பக்கத்தை மறைத்து அத்வாவைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

செய்தி எட்டியதும் இத்தாலிய நகரங்களில் கலவரம் மூண்டது, சில நாள்களில் கிரிஸ்பி பதவி விலகினார். 1896 அக்டோபர் 26 அன்று அடிஸ் அபாபாவில் கையெழுத்தான உடன்படிக்கை வுச்சாலேயை நீக்கியது, எத்தியோப்பியாவின் முழுத் தன்னாட்சியை ஏற்றது. அடுத்த ஆண்டே பிரிட்டனும் பிரான்சும் தூதர்களை அனுப்பி எல்லை பேசின. மற்றவர் வழியாக எழுதுங்கள் என்று சொன்னவர்கள் நேரே வந்தார்கள். ஒன்றை மற்றொன்றுக்கு எதிராக நிறுத்தி, எவரிடமும் முழுதாகச் சாயாமல் பேச மெனலிக்குக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் எரித்திரியா இத்தாலியிடமே இருந்தது. உடைந்த படையைத் துரத்திக்கொண்டு மெனலிக் ஏன் கடற்கரைவரை போகவில்லை என்பது இன்றும் கேட்கப்படும் கேள்வி. பல்திசேரா புதுப் படைகளோடு மசாவாவில் இறங்கிக்கொண்டிருந்தார். பெருந்தோல்விக்குப் பழிவாங்க இத்தாலி இன்னும் பெரிய படையை அனுப்பக்கூடும் என்ற கவலையும் இருந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, களஞ்சியம் காலி. காயம்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில், சுமைக் கழுதைகள் மெலிந்து செத்துக்கொண்டிருந்தன, மழைக்காலம் நெருங்கியது, உழவுக்கு ஆள் திரும்ப வேண்டும். மெனலிக் தெற்கே திரும்பினார்.

படை திரும்பிப்போன பாதை திக்ராயின் ஊர்கள் வழியாகப் போனது. ஏற்கெனவே பஞ்சத்தில் அடிபட்டு, பல மாதங்கள் இரண்டு படைகளுக்கும் தானியம் கொடுத்துத் தீர்ந்த ஊர்கள் அவை. 1900-ல் மெரெப் ஆற்றை ஒட்டி எல்லை வரையப்பட்டபோது, ஆற்றின் இருகரையிலும் திக்ரிஞா மொழி பேசும் மக்களே இருந்தார்கள். தென்கரையில் இருந்தவர்கள் மெனலிக்கின் குடிகளானார்கள், வடகரையில் இருந்தவர்கள் இத்தாலியின் குடிகளாக நீடித்தார்கள்.